டியூட்டி முடிந்த பிறகும் முடியாத டியூட்டி

பெரிய மருத்துவமனை ஒன்றின் பொது வார்டில் நோயாளியின் கட்டிலருகே அதிக நேரம் நிற்பவர் யார்? டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து சில நிமிடங்களில் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். ஸ்டாஃப் நர்ஸின் பொறுப்பில் வார்டு முழுவதும் இருக்கும். சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடியாக அங்கேயே இருப்பது நர்சிங் படிக்க வந்த மாணவிதான். உடம்பு துடைத்துவிடுவது, கஞ்சி ஊட்டுவது, டெம்பரேச்சர் பார்ப்பது, குடித்த தண்ணீரையும் கழித்த சிறுநீரையும் அளந்து எழுதுவது எல்லாம் அவள் வேலை. கேஸ் ஸ்டடி எழுத வேண்டுமே என்று ஊர் எது, என்ன தொழில், பிள்ளைகள் எத்தனை, நோய் எப்போது தொடங்கியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்வதும் அவள்தான்.

அந்த வார்டிலேயே அதிகாரம் மிகக் குறைந்தவளும் அவள்தான். வலி தாங்காமல் நோயாளி துடித்தால் மருந்தைக் கூட்டிக் கொடுக்க அவளால் முடியாது. வீட்டார் கேட்கும் கேள்விக்கு இதுதான் நிலைமை என்று சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை. போஸ்டிங் மாறி வேறு வார்டுக்குப் போய்விட்டால், தான் பார்த்துக்கொண்ட மனிதர் பிழைத்தாரா, வீடு திரும்பினாரா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. மாணவர்களுக்கும் இதே நிலைதான். பதினெட்டு, பத்தொன்பது வயதில், வீட்டில் ஒரு சாவைக்கூடப் பக்கத்தில் இருந்து பார்த்திராத பிள்ளைகள் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

மிக நெருக்கமாகப் பார்க்க வேண்டும், ஆனால் மாற்ற எதுவும் முடியாது, முடிவும் தெரியாது. இந்த மூன்றும் சேரும் இடத்தில் பிறக்கும் மனநிலைக்குப் பரிவுச் சோர்வு என்று பெயர். ஆங்கிலத்தில் கம்பேஷன் ஃபெட்டீக் என்பார்கள். 1992-இல் கார்லா ஜாயின்சன் என்பவர் அமெரிக்க நர்சிங் இதழொன்றில் எழுதிய கட்டுரைதான் நர்சுகளின் இந்த நிலையை அந்தப் பெயரால் பேச வைத்தது. 1995-இல் உளவியலாளர் சார்லஸ் ஃபிக்லி இதைப் பற்றித் தனிப் புத்தகமே கொண்டுவந்தார்.

வேலைப் பளுவால் வரும் களைப்பு வேறு. அதை பர்ன்அவுட் என்கிறோம். ஆள் பற்றாக்குறை, ஓயாத டியூட்டி, மரியாதை இல்லாத மேலதிகாரி ஆகியவை அதன் காரணங்கள். அது மெதுவாக ஏறும், எந்தத் தொழிலிலும் வரும். பரிவுச் சோர்வில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அடுத்தவர் அனுபவித்த துன்பம் பார்த்தவர் மனதில் தங்கிவிடுவது அது. ஒரே ஒரு நோயாளியின் மரணத்துக்குப் பிறகு திடீரென்றுகூட அது தொடங்கலாம். அது எப்படி இருக்கும் என்பதை ஒரு மாணவியின் வழியாகவே பார்ப்போம். இவள் யாரோ ஒரு தனி மாணவி அல்ல. வார்டுகளில் அடிக்கடி நடப்பவற்றைச் சேர்த்து உருவாக்கிய உதாரணம்.

நாலாம் கட்டில்

இரண்டாம் ஆண்டு மாணவி. ஆண்கள் மெடிக்கல் வார்டில் போஸ்டிங். அவளுக்கு ஒதுக்கப்பட்டவர் நாலாம் கட்டிலில் இருந்த 58 வயதுக் கூலித் தொழிலாளி. கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்திருந்தது. தினமும் காலையில் இன்ச் டேப்பை வைத்து அவருடைய வயிற்றுச் சுற்றளவை அளந்து சார்ட்டில் எழுதுவாள். "பாப்பா, இன்னிக்குக் கொஞ்சம் வத்தியிருக்கா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். அவர் மனைவி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துத் தங்கியிருந்தார்.

ஒரு நாள் மலம் கறுப்பாகப் போகிறது என்று மனைவி சொன்னார். உள்ளே எங்கோ ரத்தம் கசிவதன் அறிகுறி அது என்று மாணவி படித்திருந்தாள். உடனே ஸ்டாஃப் நர்ஸிடம் சொன்னாள். அவர் டாக்டருக்குத் தெரிவித்தார். மறுநாள் எண்டோஸ்கோப்பி என்று எழுதப்பட்டது. டியூட்டி முடிந்து கிளம்பும்போது மனைவி கேட்டார்: "எப்பம்மா ஊருக்குப் போகலாம்?" மாணவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரமே போயிடலாம்மா" என்றாள்.

அன்றிரவு அவர் ரத்த வாந்தி எடுத்தார். காப்பாற்ற முடியவில்லை. காலையில் மாணவி வந்தபோது நாலாம் கட்டிலில் விரிப்பு மாறியிருந்தது. வேறொருவர் படுத்திருந்தார். "நைட் எக்ஸ்பயர் ஆயிட்டாரும்மா. இவர் புது அட்மிஷன், வைட்டல்ஸ் எடுத்துடு" என்றார் ஸ்டாஃப் நர்ஸ். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. அவருக்கும் அது ஒரு நீண்ட இரவின் கடைசி வேலை. மாணவி வைட்டல்ஸ் எடுத்தாள். அழவில்லை. எல்லாரும் பாராட்டும்படி வேலை செய்தாள்.

அடுத்த மூன்று வாரங்களில் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. புது வார்டில் அவள் சார்ட்டுகளை மிக ஒழுங்காக எழுதினாள். ஆனால் நோயாளிகளின் முகத்தைப் பார்ப்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் "ஏழாம் கட்டில்", "அந்த சுகர் கேஸ்" என்று சொல்லத் தொடங்கினாள். வயிறு வீங்கிய யாரைப் பார்த்தாலும் நெஞ்சு படபடத்தது. வேலையைத் தோழியிடம் மாற்றிக்கொண்டாள். ஹாஸ்டலில் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். ஒரு நாள் நோயாளி ஒருவரின் மகள் இரண்டாம் முறையாக ஏதோ கேட்டபோது, "அதான் சொன்னேன்ல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அன்று முழுவதும் தன்னைப் பற்றி ஒரே எண்ணம்: "எனக்கு மனசே கல்லாயிடுச்சு. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை."

இந்தக் கடைசி வாக்கியம்தான் ஆபத்தானது. படும் வேதனையைத் தன் குணக்கேடு என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். குணக்கேடு என்று நினைப்பவர்கள் யாரிடமும் உதவி கேட்பதில்லை, மறைக்கத்தான் பார்ப்பார்கள்.

மூன்று மணி நேரம், வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

இந்த நிலையில் உள்ள மாணவிகளுக்கு "மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்" என்ற சொற்பொழிவு உதவாது. நடந்ததை எடுத்து, விரித்து, பிரித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். அதற்காகத்தான் சிந்தித்து எழுதிப் பேசும் பயிலரங்கு. ஒரு வகுப்பில் இருபது பேர் என்று வைத்துக்கொண்டால் மூன்று மணி நேரத்தில் நடத்த முடியும். ப்ரொஜெக்டர் வேண்டாம், மேடை வேண்டாம். வட்டமாக நாற்காலிகள், ஆளுக்கொரு நோட்டு, பேனா போதும்.

ஆனால் தொடங்குமுன் ஒன்றைச் சரிசெய்தாக வேண்டும். இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியர் அந்த அறையில் இருக்கக் கூடாது. இருந்தால் மாணவிகள் மார்க் வாங்கும் பதிலைத்தான் எழுதுவார்கள். வேறு துறை ஆசிரியரோ, மனநலப் பிரிவு நர்ஸோ, ஆலோசகரோ நடத்தலாம். விதிகள் மூன்றே. இங்கே கேட்டது வெளியே போகாது. நோயாளியின் பெயரைச் சொல்லக் கூடாது. பேச விருப்பமில்லை என்றால் "பாஸ்" என்று சொன்னால் போதும், காரணம் கேட்கப்படாது.

மூன்றாவது விதி மரியாதைக்காக மட்டும் வைத்தது அல்ல. அதிர்ச்சியான நிகழ்வுக்குப் பிறகு ஒரே அமர்வில் நடந்ததை விவரிக்கச் சொல்லும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. 2002-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு அதற்கான ஆதாரங்களைச் சேர்த்துப் பார்த்தது. பின்னால் வரும் மனக்காயத்தை அது தடுப்பதாகத் தெரியவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யக்கூடும் என்று தெரிந்தது. அதனால்தான் பயிலரங்கில் யாரையும் ரத்தத்தையும் அலறலையும் மறுபடி விவரிக்கச் சொல்வதில்லை. அந்த நிகழ்வில் தான் என்ன உணர்ந்தாள், என்ன செய்தாள், இனி என்ன செய்யலாம் என்பதைப் பற்றித்தான் பேச்சு.

முதல் அரை மணி நேரத்தில் விதிகளைப் பேசி முடித்தபின் ஒரு கேள்வித்தாள் தரப்படும். உளவியலாளர் பெத் ஹட்னல் ஸ்டாம் உருவாக்கிய 'ப்ரோகால்' அளவுகோல் அது. கடந்த 30 நாட்களைப் பற்றி 30 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண் இட வேண்டும். பத்துப் பத்தாகப் பிரித்தால் மூன்று விஷயங்கள் தெரியும்: பிறருக்கு உதவுவதில் கிடைக்கும் நிறைவு, பர்ன்அவுட், அடுத்தவர் துன்பத்தால் வந்த மன அழுத்தம். ஒவ்வொன்றிலும் 22 வரை குறைவு, 23 முதல் 41 வரை நடுத்தரம், 42-உம் அதற்கு மேலும் அதிகம். இது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு வழி. அதனால் தாளை யாரும் திரும்ப வாங்கக் கூடாது.

நம் மாணவியின் தாளில் அழுத்தத்தின் எண் மேலே போயிருந்தது. அவளை ஆச்சரியப்படுத்தியது வேறொன்று. உதவுவதில் கிடைக்கும் நிறைவு அவள் நினைத்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. மனம் கல்லாகிவிட்டது என்று அவள் தீர்மானித்திருந்ததற்கு அவள் கையாலேயே எழுதிய தாள் ஒத்துவரவில்லை. அவளுக்கு அதுதான் முதல் திறப்பு.

ஆறு கேள்விகள்

அடுத்த 20 நிமிடங்கள் எழுத்து. இதற்கு கிரஹாம் கிப்ஸ் 1988-இல் முன்வைத்த சிந்தனைச் சுழற்சியைப் பயன்படுத்தலாம். நர்சிங் கல்வியில் பல நாடுகளிலும் புழங்குவது இது. ஆறு படிகள்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்றாக நடந்தது எது நடக்கவில்லை, ஏன் அப்படி, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன்.

பெரும்பாலானவர்கள் முதல் படியிலிருந்து நேராகத் தீர்ப்புக்குத் தாவிவிடுவார்கள். நம் மாணவியும் முதலில் எழுதியது இதுதான்: "என் பேஷண்ட் இறந்துவிட்டார். நான் சரியாகப் பார்க்கவில்லை." நடத்துபவர் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "சரியாப் பாக்கலன்றது தீர்ப்பும்மா. முதல்ல நடந்ததை மட்டும் எழுது. அன்னிக்குக் காலையிலிருந்து நீ என்னென்ன செஞ்சே?"

எழுதினாள். வயிறு அளந்தது, கஞ்சி கொடுத்தது, கறுப்பு மலம் என்று கேட்டது, உடனே போய்ச் சொன்னது, எண்டோஸ்கோப்பிக்கு எழுதியது. தாளில் வரிசையாக வந்தபோது ஒன்று புலப்பட்டது. இரண்டாம் ஆண்டு மாணவி கவனிக்க வேண்டிய மிக முக்கியமான அறிகுறியை அவள் கவனித்திருந்தாள், சொல்ல வேண்டியவரிடம் சொல்லியிருந்தாள். இந்த நோயில் உணவுக்குழாயின் வீங்கிய ரத்தநாளம் வெடித்தால், எல்லாம் சரியாகச் செய்தாலும் சிலரைக் காப்பாற்ற முடிவதில்லை.

அப்படியானால் குத்திக்கொண்டிருந்தது எது? நான்கு பேர் கொண்ட குழுவில் உட்கார்ந்து பேசும் அடுத்த 50 நிமிடங்களில் அது வெளியே வந்தது. இந்தக் குழுவுக்கு ஒரே கட்டுப்பாடு உண்டு. கேட்பவர்கள் ஆறுதல் சொல்லக் கூடாது, அறிவுரையும் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். ஒரு தோழி கேட்டாள்: "ராத்திரி முழிப்பு வந்தா எது ஞாபகத்துக்கு வருது?" அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அந்தம்மாகிட்ட சீக்கிரமே போயிடலாம்னு சொன்னேன்ல, அது."

அவரைச் சாகவிட்டுவிட்டோம் என்பது அவளுடைய குற்றவுணர்வு அல்ல. தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல ஒரு பெண்ணின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டோம் என்பதுதான். இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. முதலாவதற்கு அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இரண்டாவது, கற்றுக்கொண்டு சரிசெய்யக்கூடிய ஒரு திறமை.

அதனால் ஐந்தாம், ஆறாம் படிகளில் குழு சேர்ந்து அந்தக் கேள்விக்கு வேறு பதில்களைத் தேடியது. "எப்பம்மா ஊருக்குப் போகலாம்?" என்று கேட்டால் மாணவி உண்மையாக என்ன சொல்ல முடியும்? "ஊர் ஞாபகமாவே இருக்கீங்களாம்மா? நாளைக்கு டாக்டர் வரும்போது நானும் கூட நிக்கறேன், ரெண்டு பேருமாக் கேப்போம்." இந்தப் பதிலில் பொய் இல்லை, கைவிடுதலும் இல்லை. மாணவியின் அதிகாரத்துக்கு உட்பட்டதும்கூட. நடிப்புப் பயிற்சிபோல ஒருவர் மனைவியாகவும் ஒருவர் மாணவியாகவும் இருந்து, வாய்க்கு இயல்பாக வரும்வரை சொல்லிப் பார்த்தார்கள்.

எல்லாக் கதையும் இப்படி முடியாது. அறிகுறியைப் பார்த்தும் சொல்லாமல் விட்ட மாணவியும் அந்த அறையில் இருக்கலாம். அவளிடம் "உன் தப்பு ஒன்றுமில்லை" என்று சொல்வது பொய்யாகிவிடும். ஏன் சொல்லவில்லை? அறிகுறி தெரியாதா, திட்டுவார்கள் என்ற பயமா, சொல்ல ஆள் அகப்படவில்லையா? காரணம் தெரிந்தால்தான் அடுத்த முறை மாறும். திட்டுக்குப் பயந்து சொல்லவில்லை என்று பல பேர் எழுதினால், திருந்த வேண்டியது மாணவி மட்டும் அல்ல, அந்த வார்டின் பழக்கமும்தான். பெயர்களை நீக்கி இதைக் கல்லூரி நிர்வாகத்திடம் கொண்டுபோவது நடத்துபவரின் கடமை.

வலியைச் சுமப்பதும் உதவி செய்வதும்

இடைவேளைக்குப் பிறகு பயிற்சி. அதற்கு முன் மாணவிகளுக்கு ஒரு ஆய்வைச் சொல்வது நல்லது. டானியா சிங்கர், ஓல்கா கிலிமெக்கி குழுவினர் 2014-இல் வெளியிட்டது அது. தன்னார்வலர்களுக்குத் துன்பப்படும் மனிதர்களின் வீடியோக்களைக் காட்டி, மூளை இயக்கத்தையும் மனநிலையையும் பதிவு செய்தார்கள். அடுத்தவர் வலியைத் தன் வலியாகவே உணரப் பயிற்சி பெற்றபோது அவர்களுடைய வேதனை கூடியது. பிறகு அதே ஆட்களுக்கு, துன்பப்படுபவர் நலமாக வேண்டும் என்ற அக்கறையோடு பார்க்கும் பயிற்சி தரப்பட்டது. வேதனை தணிந்தது, இதமான உணர்வுகள் கூடின. மூளையில் வேறு பகுதிகள் இயங்கின.

அவர்கள் நர்சுகள் அல்லர். ஆய்வுக்கூடமும் வார்டு அல்ல. ஆனாலும் மாணவிகளுக்கு இதில் ஒரு பயன் உண்டு. நல்ல நர்ஸாக இருக்க நோயாளியின் வலியை உள்ளே ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முடியாமல் போகும்போது எதையுமே உணராதபடி கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி இருக்கிறது. இவருக்கு இந்த நிமிடம் நான் செய்யக்கூடிய நல்லது என்ன என்று பார்ப்பது. தலையணையைச் சரிசெய்வது, உலர்ந்த உதட்டை நனைப்பது, வலி கூடியிருக்கிறது என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் இன்னொரு முறை போய்ச் சொல்வது. சின்னதாக இருந்தாலும் செய்யக்கூடிய ஒன்று கையில் இருக்கும்போது மனம் அந்த வலிக்குள் மூழ்கிப்போவதில்லை.

முடித்து வைக்கும் மூன்று பழக்கங்கள்

தன்னைப் பார்த்துக்கொள்வது என்றால் விடுமுறை நாளில் செய்வது என்று நினைக்கிறோம். மாணவியின் நாள் காலை டியூட்டி, மதியம் வகுப்பு, இரவு ரெக்கார்டு எழுதுவது என்று போகிறது. தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் அது இன்னொரு சுமையாகிவிடும். அதனால் வார்டிலேயே, வேலைக்கு நடுவிலேயே செய்யக்கூடிய மூன்று பழக்கங்களை 40 நிமிடங்களில் செய்து பார்க்கிறார்கள். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. முடிந்ததை முடிந்தது என்று மனதுக்குச் சொல்வது.

முதலாவது ஹேண்ட்ரப் போடும் நேரம். ஒரு நோயாளியைத் தொட்டபின், அடுத்தவரைத் தொடுமுன் கைகளில் ஹேண்ட்ரப் தேய்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறைப்படி அதற்கு 20 முதல் 30 விநாடிகள் ஆகும். எப்படியும் செய்தாக வேண்டிய வேலை. அந்த அரை நிமிடத்தில் பாதங்கள் தரையில் பதிந்திருப்பதை உணர்ந்து, மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விட வேண்டும். கை உலர்ந்ததும் அடுத்த நோயாளியின் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். கட்டில் எண்ணை அல்ல, பெயரை. நாள் முழுக்க இது பல முறை நடப்பதால் பழக்கமாகிவிடும்.

இரண்டாவது மரணத்துக்குப் பின் ஒரு நிமிடம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அவசரப் பிரிவு நர்ஸாக இருந்த ஜோனதன் பார்ட்டல்ஸ் தொடங்கிவைத்த வழக்கம் இது. உயிர்காக்கும் முயற்சி பலிக்காதபோது எல்லாரும் உடனே கலைந்துபோகாமல், இறந்தவரும் யாருக்கோ வேண்டப்பட்டவராக வாழ்ந்தவர் என்பதை நினைத்து, போராடிய குழுவின் உழைப்பையும் நினைத்து, சிறிது நேரம் சேர்ந்து அமைதியாக நிற்பார்கள். நம் பொது வார்டுகளில் சுற்றிலும் உறவினர்களின் அழுகை இருக்கும். எல்லாரும் சேர்ந்து நிற்பது எப்போதும் முடியாது. ஆனால் உடலைத் தயார்செய்யும் பொறுப்பு பல நேரம் மாணவிகளிடம் வரும். கண்களை மூடிவிட்டு, தாடையைக் கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டும் வேலை அது. நம் வீடுகளிலும் பெரியவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். பஞ்சை எடுக்குமுன் ஒரு நிமிடம் நின்று, அவரைப் பெயர் சொல்லியோ தாத்தா, அம்மா என்றோ அழைத்து, "உடம்பு துடைக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடங்கலாம். உடன் நிற்கும் மாணவியும் அதைக் கேட்பாள். நம் மாணவிக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததைப் பயிலரங்கில் ஒரு பக்கம் எழுதி நோட்டில் மடித்து வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது டியூட்டி ஓவர். ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலைமையை அடுத்த நர்ஸிடம் ஒப்படைப்பதைத்தான் வார்டில் ஓவர் கொடுப்பது என்பார்கள். அதேபோல் தனக்கும் ஓர் ஓவர் கொடுக்க வேண்டும். யூனிஃபார்மைக் கழற்றுமுன் தோழி ஒருத்தியிடம் மூன்று வாக்கியங்கள்: இன்று கனமாக இருந்தது எது, நான் உருப்படியாகச் செய்தது எது, யாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். மூன்றாவதுதான் முக்கியம். "அவருக்கு எட்டு மணி ஊசி இருக்கு, ஈவினிங் சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டேன்" என்று வாயால் சொல்லிவிட்டால், இரவு இரண்டு மணிக்கு அந்த ஊசி நினைவுக்கு வந்து எழுப்புவது குறையும்.

கடைசி 25 நிமிடங்களில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு தீர்மானம் எழுதுகிறார்கள். "நன்றாகத் தூங்குவேன்" என்று எழுதினால் நடக்காது. எப்போது, எங்கே என்று எழுத வேண்டும். "நைட் டியூட்டி முடிந்து ஹாஸ்டலுக்கு வந்ததும், மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, போனை ரூம்மேட்டிடம் கொடுத்துவிட்டுப் படுப்பேன்." "காலை டியூட்டிக்குக் கிளம்புமுன் இரண்டு இட்லியாவது சாப்பிடாமல் பஸ் ஏற மாட்டேன்." பசியோடும் தூக்கக் கடனோடும் நிற்பவளுக்கு எந்தத் துன்பமும் இரண்டு மடங்காகத்தான் தெரியும்.

எங்கே இது போதாது

பயிலரங்கு சிகிச்சை அல்ல. சில அறிகுறிகள் இருந்தால் நண்பர்களோடு பேசுவதோடு நிறுத்தக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருப்பது, நடந்த காட்சி விழித்திருக்கும்போதே திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, வார்டு வாசலிலேயே கைகால் நடுங்குவது, வலியை மறக்க மாத்திரையோ மதுவோ தேடுவது. இவற்றில் எது இருந்தாலும் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றே, தாமதமில்லாமல். அவளைத் தனியாக விடக் கூடாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம். தமிழில் பேசலாம். பயிலரங்கு முடிவதற்குள் இந்த எண் எல்லார் போனிலும் பதிவாகிவிட வேண்டும்.

இன்னொரு எல்லையும் உண்டு. ஆள் பற்றாக்குறையை மூச்சுப் பயிற்சியால் நிரப்ப முடியாது. படிக்க வந்த மாணவிகளை ஆள் இல்லாத வார்டுக்கு இலவச வேலையாட்களாக அனுப்பிவிட்டு, அவர்கள் சோர்ந்து விழுந்ததும் சுயபராமரிப்பு வகுப்பு நடத்துவது நியாயம் அல்ல. உலக சுகாதார நிறுவனமும் பர்ன்அவுட்டைத் தன் நோய்ப் பட்டியலில், சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் விவரிக்கிறது. தனி மனிதரின் பலவீனம் என்று சொல்லவில்லை.

கல்லூரி செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவையும் அல்ல. மாணவிக்கு ஒதுக்கிய நோயாளி இறந்தால், அவள் வார்டுக்குள் நுழையுமுன் ஆசிரியர் தனியாக அழைத்துச் சொல்லலாம். நாலாம் கட்டிலில் வேறொருவரைப் பார்த்து அவள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. போஸ்டிங் மாறும் முந்தின நாள், நோயாளியிடம் "நாளையிலிருந்து நான் வேறு வார்டு" என்று விடைபெற பத்து நிமிடம் கொடுக்கலாம். இந்தப் பயிலரங்கை ஒரு முறை நடத்திப் போட்டோ எடுத்து முடித்துவிடாமல், நான்கு வாரம் கழித்து அதே இருபது பேரை ஒரு மணி நேரம் உட்காரவைத்து, எழுதிய தீர்மானங்களில் எது நடந்தது, எதை வார்டே தடுத்தது என்று கேட்கலாம்.

வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. லீவுக்கு வரும் மகள் பேசாமல் இருந்தால், "நர்ஸ் வேலைன்னா இதெல்லாம் சகஜம்தானே" என்று முடித்துவிடுகிறோம். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அதற்குப் பிறகு அவள் சொல்ல மாட்டாள். அதற்குப் பதிலாக, "இந்த வாரம் யாரைப் பாத்துக்கிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள். நோயைப் பற்றிக் கேட்காதீர்கள், ஆளைப் பற்றிக் கேளுங்கள். அவர் எப்படிப்பட்டவர், என்ன பேசுவார் என்று அவள் சொல்லத் தொடங்கினால், குறுக்கே ஆறுதல் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். அவள் சொல்லி முடிக்கட்டும்.